மீன் குழம்புக்கு அப்புறம் தயிர்: ஆயா கேட்ட கேள்வி

ஆற்காட்டில் எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைக்கிற நாளில் தயிர்க் கிண்ணம் ஃபிரிட்ஜை விட்டு வெளியே வராது. யாராவது மறந்துபோய் எடுத்துவிட்டால் ஆயா கையைப் பிடித்துக்கொள்வார். “மீன் துன்ன வாயில தயிரா? உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையா பூத்துடும்.” எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் சட்டம்.

நான் வேலை பார்ப்பது கடல் மீனை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். மீனில் என்ன இருக்கிறது, எது கூடிப் போனால் சரக்கைத் தள்ள வேண்டும் என்று பார்ப்பதுதான் வேலை. ஆனால் வீட்டில் அதற்கெல்லாம் மதிப்பு கிடையாது. போன கத்திரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்துக்கு அப்புறம்தான் ஆயா என்னை உட்கார வைத்துக் கேட்டார். “நீதான் மீனையே படிச்சவனாச்சே. சொல்லு கண்ணு. மீனும் தயிரும் சேர்ந்தா ஆகுமா, ஆகாதா?”

ஆகும் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆயா வாழ்க்கையில் கண்ணால் பார்த்த ஒன்று அந்தப் பயத்துக்குள் இருக்கிறது. பழி விழுந்த இடம்தான் தப்பு.

அன்றைக்கு நடந்தது இது. சித்தப்பா காலை எட்டு மணிக்கு மீன் வாங்கினார். கானாங்கெளுத்தி, எங்கள் பக்கம் கானாங்கத்தை என்போம். காசிமேட்டில் விடியுமுன் ஏலம் போய், ஐஸ் போட்ட பெட்டியில் வண்டியேறி, நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் வந்த மீன். வாங்கும்போது கண் பளபளப்பாக, செவுள் சிவப்பாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு இரண்டு இடத்தில் நின்று பேசிவிட்டு, பத்தரைக்கு வீடு வந்தார். குழாயில் தண்ணீர் வரத் தாமதம், அதனால் மீன் கழுவப் பதினொன்றரை ஆகிவிட்டது. அப்புறம் மிளகாய்த்தூள், உப்பு, மஞ்சள் பூசி ஊறட்டும் என்று சமையல் மேடையில் ஒரு மணி வரை வைத்தார்கள். வெளியே நாற்பது டிகிரிக்கு மேல் வெயில், அடுப்பு எரிகிற சமையலறை. எட்டு மணிக்கு ஐஸை விட்டு வந்த மீன், எண்ணெயைப் பார்க்க ஐந்து மணி நேரம் ஆனது.

ஒன்றரைக்குச் சாப்பிட்டோம். இரண்டு மணி ஆகவில்லை, சித்தப்பா முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. கழுத்திலும் மார்பிலும் தடிப்பு, காணாக்கடி மாதிரி. தலைவலி, நெஞ்சு படபடப்பு. அவர் அன்றைக்குத் திருட்டுத்தனமாகக் கடைசியில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டிருந்தார். ஆயாவுக்கு அது போதாதா? “பாத்தியா, நான் சொன்னேன் இல்ல.”

நான் ஆயாவோடு உட்கார்ந்து, பந்தியில் யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். சித்தப்பா ஐந்து துண்டு வறுவல், மேலே தயிர். அத்தை நான்கு துண்டு, சளி பிடித்திருந்ததால் தயிர்ப் பக்கமே போகவில்லை. ஆனாலும் அவருக்கும் கழுத்தெல்லாம் அரிப்பு, தலைவலி. நான் மூன்று துண்டு, தயிர் இல்லை, காது மடல் கொதித்தது. அண்ணி பிறந்த வீட்டில் சைவம், மீன் தொடமாட்டார். ரசத்துக்கு அப்புறம் தயிர்தான் சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் பையனுக்கு முள் பயம், அவனும் தயிர் சாதம்தான். அவன் தூங்கி எழுந்து விளையாடப் போய்விட்டான். ஆயா ஒரே ஒரு துண்டு, தயிர் இல்லை, ஒன்றும் இல்லை.

“தயிர் துன்ன மூணு பேர்ல ரெண்டு பேருக்கு ஒண்ணும் ஆவலை. தயிரே துன்னாத ரெண்டு பேருக்கு ஆயிருக்கு. இப்ப சொல்லு ஆயா, யார் திருடன்?”

ஆயா கொஞ்ச நேரம் யோசித்தார். “மீனா?” என்றார். “அப்ப நானும்தானே துன்னேன், எனக்கு ஏன் ஆவலை?”

இதைவிடச் சரியான கேள்வியை எங்கள் ஆய்வுக்கூடத்தில்கூட யாரும் கேட்டுவிட முடியாது.

கானாங்கெளுத்தி, மத்தி, சூரை, நெத்திலி மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்று ஒரு பொருள் இயல்பிலேயே நிறைய இருக்கிறது. அதனால் நமக்கு ஒரு கெடுதலும் இல்லை, புரதத்தின் ஒரு கூறுதான். ஆனால் மீனின் செவுளிலும் குடலிலும் வாழும் சில பாக்டீரியாக்கள், மீன் செத்துச் சூடாகக் கிடக்கும்போது சதைக்குள் பரவி, இந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பூச்சி கடித்தால் நம் தோல் சிவந்து தடித்து அரிப்பது நம் உடம்பே விடுகிற ஹிஸ்டமினால்தான். மீனோடு சேர்த்து அதையே வெளியிலிருந்து விழுங்கினால் உடம்பு வேறென்ன செய்யும்? முகம் சிவக்கிறது, தடிக்கிறது, அரிக்கிறது, தலை வலிக்கிறது. சிலருக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். சாப்பிட்ட பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும்.

இதில் மோசமான விஷயம், ஹிஸ்டமின் சூட்டுக்கு அழியாது. வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் அப்படியே இருக்கும். பாக்டீரியாவை அடுப்பு கொன்றுவிடும், அது செய்து வைத்துவிட்டுப் போனதை ஒன்றும் செய்யாது. புளியும் அழிக்காது. ஃபிரீசரில் போட்டால் மேற்கொண்டு உண்டாவது நிற்கும், உண்டானது போகாது. நாற்றத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. மீன் அழுகி நாறுவது ஒரு கதை, ஹிஸ்டமின் சேர்வது வேறொரு கதை. பார்க்க நல்ல மீனாகவே இருக்கும். சிலருக்கு நாக்கில் மிளகு கடித்த மாதிரி ஒரு சுருக்கென்ற எரிச்சல் தெரியும் என்பார்கள். நம் ஊர் வறுவலில் அப்பிய மிளகாய்த்தூளுக்கு நடுவே அதை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்?

இப்போது ஆயாவின் ஒரு துண்டுக்கு வருவோம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2012இல் ஒரு கணக்குப் போட்டது. ஆரோக்கியமான ஒருவர் ஒரு வேளையில் 50 மில்லிகிராம் ஹிஸ்டமின் வரை விழுங்கினால் தொந்தரவு தெரிவதில்லை. ஒரு வேளைக்கு 250 கிராம் மீன் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை தாங்கும். ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது நாங்கள் பார்க்கும் உச்ச எல்லையும் அந்த 200தான். அன்றைய மீனை யாரும் பரிசோதிக்கவில்லை. கணக்குக்காகக் கிலோவுக்கு 600 என்று வைத்துக்கொள்வோம், ஒரு துண்டு 50 கிராம். ஆயா சாப்பிட்ட ஒரு துண்டில் 30 மில்லிகிராம். வரம்புக்குள்தான், அதனால் ஒன்றும் தெரியவில்லை. என் மூன்று துண்டில் 90, காது கொதித்தது. சித்தப்பாவின் ஐந்தில் 150. செங்கல் நிறம் வந்த கணக்கு அதுதான். தயிருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஹிஸ்டமின் மீன் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்காது. ஒரு துண்டில் அதிகம், பக்கத்துத் துண்டில் கொஞ்சம். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் ஒன்றிரண்டு மாதிரியோடு விடாமல் ஒன்பது எடுப்பது இதனால்தான். ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் அரிப்பு வந்தால், அந்த ஒருவர் வேறு என்ன சாப்பிட்டார் என்று வீட்டில் தேடுவார்கள். மீன் நாளில் கடைசியாக இலையில் விழுவது தயிரோ மோரோதான். கடைசியாக வந்தவன் மேல்தானே பழி விழும்.

ஆயா இதை ஒப்புக்கொண்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் விடவில்லை. “அரிப்பு சரி. வெள்ளையா பூக்கறது?”

இந்தப் பயம் வேறு. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு கூடுதல் கனமும் இருக்கிறது. காட்பாடியைத் தாண்டிக் கரிகிரியில் 1955இல் தொழுநோய் மருத்துவமனை வந்தது. எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வேலூருக்கு வந்திறங்கியதை ஆயாவின் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. தோலில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தாலே ‘கரிகிரிக்குப் போற வியாதியோ’ என்று அடிவயிறு கலங்கிய காலம் அது. போதாததற்கு வெண்குஷ்டம் என்ற பெயர். குஷ்டமே இல்லாத ஒன்றுக்கு அந்தப் பேரை வைத்துவிட்டார்கள். வெண்புள்ளி என்பதுதான் சரியான சொல். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. அதன் திட்டு கொஞ்சம் வெளுத்தோ சிவந்தோ இருக்கும், பெரும்பாலும் அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும். வெண்புள்ளி பால் மாதிரி வெள்ளை, கிள்ளினால் வலிக்கும், அடுத்தவருக்கு ஒட்டாது.

வெண்புள்ளி ஏன் வருகிறது? தோலுக்கு நிறம் தரும் செல்களை, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே எதிரி என்று நினைத்துத் தாக்கி அழிக்கிறது. தைராய்டு கோளாறில் நடப்பதும் பல சமயம் இதே மாதிரிதான், அதனால் இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு. குடும்ப வழியாகவும் வரலாம். உடம்பு இந்தச் சண்டையைத் தொடங்கும் வழி மீனிலும் இல்லை, தயிரிலும் இல்லை, இரண்டும் சேர்ந்தாலும் இல்லை. இரைப்பையின் அமிலத்தில் மீனும் தயிரும் புரதத் துணுக்குகளாக உடைந்துபோகின்றன. இது மீனிலிருந்து வந்தது, இது பாலிலிருந்து வந்தது என்று குடல் அடையாளம் பார்க்காது.

“சின்ன அத்தை பேத்திக்கு உதட்டோரம் வந்துச்சே” என்றார் ஆயா. அவர்கள் வீட்டில் மீன் சமைப்பதே இல்லை, கிருத்திகைக்குக் கிருத்திகை வள்ளிமலை போகிற குடும்பம். நான் சொல்லுமுன் ஆயாவுக்கே அது ஞாபகம் வந்துவிட்டது. “ஆமா, அவங்க மீனே துன்னமாட்டாங்க இல்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் குழந்தைக்கு இப்போது தோல் மருத்துவரிடம் களிம்பும் ஒளிச் சிகிச்சையும் நடக்கிறது. சீக்கிரம் காட்டினால் நிறம் திரும்ப வாய்ப்பு கூடுதல். ஆயா மாதிரிப் பெரியவர்கள் முதல் ஆறு மாதம் ‘தயிரை நிறுத்து, மீனை நிறுத்து’ என்று பத்தியம் வைத்துக் கடத்திவிடுவதுதான் எனக்கு வருத்தம். ஆயாவிடம் இதை இவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை.

அப்படியானால் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்றால், இல்லை, ஏட்டிலேயே இருக்கிறது. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் ஒன்றோடொன்று ஒவ்வாத உணவுகளின் பட்டியல் உண்டு. அதில் மீனைப் பாலோடு சாப்பிடாதே என்று வருகிறது. இரண்டுக்கும் சுவை இனிப்பு, ஆனால் பால் குளிர்ச்சி, மீன் சூடு, அதனால் இரத்தம் கெடும், உடம்பின் வழிகள் அடைபடும் என்று காரணமும் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்தது. பத்திரகாப்பியர் என்ற முனிவர் அங்கேயே எழுந்து, எல்லா மீனையும் பாலோடு சாப்பிடலாம், சிலிசிமம் என்ற ஒரு மீன் மட்டும்தான் கூடாது என்று வாதாடுகிறார். குருவான ஆத்ரேயர் மறுத்து, எந்த மீனும் கூடாது, அந்த மீன் மட்டும் கூடவே கூடாது என்று முடிக்கிறார். ஆக, அந்தக் காலத்திலேயே இது தீர்ந்துபோன வழக்கு இல்லை. அங்கே பேச்சு பாலைப் பற்றி. நம் வீடுகளில் அந்தத் தடை தயிரின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. வங்காளத்தில் தயிரிலேயே மீனைச் சமைக்கிறார்கள், ‘தோய் மாச்’ என்று கல்யாண வீட்டுப் பதார்த்தம். நம் ஊர் ஓட்டலில் தந்தூரி மீன் வாங்கினால் அதுவும் தயிரில் ஊறியதுதான். சித்தப்பா வேலூரில் அதை இருபது வருடமாகச் சாப்பிடுகிறார், ஆயாவுக்குத் தெரியாமல்.

“அப்ப யாருமே பயப்பட வேணாமா?” என்றார் ஆயா.

பயப்பட வேண்டியவர்கள் உண்டு. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் மீனுக்கு, பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தயிருக்கு. இதில் கூட்டு என்று ஒன்றும் இல்லை, தனித்தனியாகச் சாப்பிட்டாலும் ஆகாது. ஒவ்வாமை என்றால் அந்த மீனை எப்போது தின்றாலும் வரும், பந்தியில் அந்த ஒருவருக்கு மட்டும் வரும். ஹிஸ்டமின் என்றால் அன்றைக்கு மட்டும் வரும், பெரும்பாலும் ஒருவரோடு நிற்காது. எதுவானாலும் மூச்சு இழுத்தால், தொண்டை அடைத்தால், மயக்கம் வந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிதான். சித்தப்பாவுக்கு அவ்வளவு போகவில்லை. பக்கத்து மருத்துவர் அலர்ஜி மாத்திரை கொடுத்தார், சாயங்காலம் முகம் தெளிந்தது.

நிஜமாகவே ஒவ்வாத கூட்டு ஒன்று இருக்கிறது. ஆயாவின் பட்டியலில் அது இல்லை. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரையும் இந்த மாதிரி மீனும். விழுங்கிய ஹிஸ்டமினைச் சிதைக்க நம் குடலில் ஒரு நொதி இருக்கிறது. ஐசோனியாசிட் அதை மட்டுப்படுத்திவிடும். மற்றவர்களுக்குத் தெரியாத அளவு ஹிஸ்டமினே அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு முகம் சிவந்து படபடக்கப் போதும். சூரை மீன் சாப்பிட்டு இப்படி ஆனவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தெருக்கோடியில் ஒருவர் ஆறு மாத மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆயா அன்றைக்கே போய், “மாத்திரையை நிறுத்தாதே, கானாங்கத்தையை நிறுத்து” என்று சொல்லிவிட்டு வந்தார். இதைச் சரியான வரிசையில் சொன்னதற்காகவே ஆயாவுக்கு என் வேலையைக் கொடுத்துவிடலாம்.

மிச்சம் இருப்பது ஐஸ். காசிமேட்டில் ஏறும்போது கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்பது நம் வெயிலுக்கு ஏற்ற அளவு. அந்த ஐஸ் கடைப் பலகை வரைக்கும் வருகிறதா என்று வாங்குகிறவர் பார்க்கலாம். மீன் ஐஸுக்குள் புதைந்திருக்க வேண்டும், ஐஸ்தண்ணீர் தெளித்த பலகையில் வெயிலில் மல்லாந்திருக்கக் கூடாது. கறிகாய், மளிகை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக மீன் வாங்குவது ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். கடையிலேயே செவுளும் குடலும் எடுக்கச் சொல்லிவிட்டால் பாக்டீரியாவின் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். மசாலா தடவி ஊற வைப்பதை மேடையில் வைக்காமல் ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். பெண்கள் மசாலா நன்றாகப் பிடிக்க வெளியில்தான் வைக்க வேண்டும் என்பார்கள். அது என் அனுபவத்தில் உண்மையில்லை, உள்ளே வைத்தாலும் பிடிக்கிறது.

ஏரி மீனுக்கு இந்தத் தொல்லை குறைவு. காவேரிப்பாக்கம் ஏரியில் வலை போட்டுக் காலையில் வந்த கட்லாவோ விராலோ என்றால் தூரமும் இல்லை, நேரமும் இல்லை. ஹிஸ்டமினால் வந்ததென்று கேள்விப்படுவதெல்லாம் அனேகமாகக் கடல் மீன்தான்.

அடுத்த ஞாயிறு விரால் குழம்பு. ஆயா தட்டில் சோற்றைப் போட்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தயிர்க் கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். இரண்டு கரண்டி ஊற்றிப் பிசைந்து, குழம்பை ஓரமாகத் தொட்டுச் சாப்பிட்டார். ஆயா என் கட்சிக்கு வந்துவிட்டார் என்று நான் நினைத்த நேரத்தில் தலையைத் தூக்கினார்.

“எந்த மீனா இருந்தாலும் ஊத்திக்கலாம். கானாங்கத்தைக்கு மட்டும் வேணாம்.”

பத்திரகாப்பியர் கட்சிக்குப் போயிருக்கிறார்.